அட்வான்ஸில் பிடித்த 4,220 ரூபாய்

மதுரை ஆனையூரில் என் மாமனார் கட்டிய வீட்டில், நாங்கள் இருக்கும் கீழ்த்தளம் போக, மாடியில் ஒரு போர்ஷனும் பின்புறம் ஒரு சிறிய போர்ஷனும் வாடகைக்கு இருக்கின்றன. மாமனார் காலமான பிறகு வாடகைக் கணக்கு என் பொறுப்பில் வந்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதம், நான்கு ஆண்டுகள் மாடியில் இருந்த ஒரு குடும்பம் காலி செய்தபோது, அவர்கள் கொடுத்திருந்த 50,000 ரூபாய் அட்வான்ஸில் 14,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். காலண்டர் தாளின் பின்புறத்தில் மூன்றே வரிகள் எழுதியிருந்தேன்: பெயிண்டிங் 9,000, ரிப்பேர் 3,500, கரண்டு 1,500. அந்தத் தாளை வாங்கிப் பார்த்தவர் கோபப்படவில்லை. "ரிப்பேருன்னா எதுக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குழாய், கதவு, சுவிட்ச் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போக, அவர் ஒவ்வொன்றாக "அது நாங்க வரும்போதே அப்படித்தானே இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொல்வது பொய் என்று காட்டவும் என்னிடம் எதுவும் இல்லை, உண்மை என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. நான்கு நாள் கழித்து அவருடைய மைத்துனர் வந்தார், தெருவில் இரண்டு பேர் கூடினார்கள், கடைசியில் பிடித்ததில் பாதியை, அதாவது 7,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துப் பேச்சை முடித்தோம்.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. 9,000 என்ற பெரிய தொகையைப் பற்றி அவர் முதலில் வாயே திறக்கவில்லை, ஏனென்றால் காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை போகும் என்பது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். அவரைச் சீண்டியது 3,500 என்ற சிறிய தொகைதான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, மனிதர்கள் அங்கே ஏமாற்று இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரியில் சந்தேகம் வந்த பிறகு, அதுவரை கேள்வி கேட்காமல் இருந்த பெயிண்டிங் வரியின் மேலும் அது படிந்துவிட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம் மாடிக்கு வந்த குடும்பம் 2024 ஜூன் மாதக் கடைசியில் காலி செய்தது. அந்த முறை 27,000 ரூபாய் அட்வான்ஸில் 4,220 ரூபாய் பிடித்தேன், ஒரு வார்த்தை வாக்குவாதம் இல்லை. இடையிலுள்ள மூன்று ஆண்டுகளில் நான் என்ன செய்தேன், அந்த 4,220 எப்படி வந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தை அளவாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகை 9,000, அட்வான்ஸ் 27,000 என்று நான் மாற்றிக்கொண்டது அதனால்தான். அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பில் யாருக்கு எது பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும், பெரிய ஒயரிங் வேலையும் வீட்டுக்காரர் பக்கம் இருக்கின்றன. குழாய், வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பக்கம் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். இந்த அட்டவணையைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது. வழக்கம் என்ற பெயரில் நான் 9,000 பிடித்த வேலை, ஒப்பந்தத்தில் எழுதாத நிலையில், என் பொறுப்பாகவே இருந்திருக்கிறது.

புதிய குடும்பம் வந்த அன்று, பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் மாலை, கணவன் மனைவி இருவரையும் கூட்டிக்கொண்டு மாடி முழுக்க நடந்தேன். கையில் ஒரு நோட்டு, போனில் படங்கள். அறையின் அழகைக் காட்டும் படங்கள் பிறகு எதற்கும் உதவுவதில்லை. வாஷ்பேசினின் உட்புறம், கழிவறைத் தொட்டியின் மூடி, ஒவ்வொரு சுவரும் முழுதாக ஒரு படம், குளியலறை டைல்ஸ் வரிசை வரிசையாக, கதவின் அடிப்பகுதி, சமையல் மேடையின் விளிம்பு, மின்மீட்டரில் தெரியும் எண், கையில் கொடுத்த சாவிகள் எத்தனை என்று உள்ளங்கையில் வைத்து ஒரு படம், இவைதான் மூன்று வருடம் கழித்துப் பேசும். மொத்தம் நாற்பது படங்கள் இருக்கும். அவற்றை அன்றே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். என் போனில் மட்டும் இருந்தால் அது என் சாட்சி. இருவர் போனிலும் ஒரே தேதியில் இருந்தால் அது இருவருக்கும் பொது.

இதில் எனக்குக் கடினமாக இருந்த வேலை, என் வீட்டின் குறைகளை நானே எழுதியது. படுக்கையறை ஜன்னல் கொக்கி தளர்ச்சி, ஹாலில் கிழக்குச் சுவரில் முடியளவு விரிசல், சமையலறைக் குழாயில் உப்புப் படிவு, குளியலறைக் கதவின் அடியில் ஊறல் என்று ஏழெட்டுக் குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர்களிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். என் கணவர், "வீட்டைக் குறை சொல்லியே வாடகைக்கு விடுறவ நீ ஒருத்திதான்" என்றார். ஆனால் வீட்டுக்காரியே தன் குறைகளை எழுதிக் கொடுத்த தாளில், "வாஷ்பேசின் கீறல் இல்லை" என்று இருந்தால், அதைப் பிறகு யாரும் சந்தேகிப்பதில்லை.

2024 மே மாத இறுதியில், கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்திருப்பதாகவும், ஆடி பிறப்பதற்குள் அங்கே பால் காய்ச்ச வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை என்பதால், காலி செய்பவர்களுக்கும் அடுத்து வருபவர்களுக்கும் ஜூன் கடைசியும் ஜூலை முதல் பாதியும்தான் கிடைக்கும் காலம். அந்த அவசரத்தில் கணக்குப் பார்ப்பதை லாரி வந்து நிற்கும் நாள் வரை தள்ளிப்போடுவதே வழக்கமாகிவிடுகிறது. சாமான் ஏற்றுகிற களைப்பிலும், குழந்தையின் அழுகையிலும், வெயிலிலும் எவ்வளவு நியாயமான கணக்கைக் காட்டினாலும் அது சண்டையில்தான் போய் முடியும். அதனால் காலி செய்யும் நாளுக்கு மூன்று வாரம் முன்பாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய நோட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

மூன்று வாரம் என்ற இடைவெளிக்கு ஒரு காரணம் உண்டு. குடியிருப்பவர் தாமே சரிசெய்துகொள்ள அதில் நேரம் கிடைக்கிறது. அன்று நடந்து பார்த்தபோது ஹாலில் ஒரு சுவிட்ச் உடைந்திருந்தது, படுக்கையறை மின்விசிறியின் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை, சாக்கடை வாயில் இருந்த சல்லடை காணவில்லை. "இதையெல்லாம் நீங்களே உங்களுக்குத் தெரிந்த ஆளை வைத்து மாற்றிவிட்டால் என் கணக்கில் வராது" என்றேன். அவர்கள் பக்கத்துக் கடையில் பொருள் வாங்கி, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். நான் ஆள் கூப்பிட்டிருந்தால் வந்துபோகும் கூலியே பொருளின் விலையைவிட அதிகமாகியிருக்கும், அதையும் அவர்கள் தலையில்தான் எழுதியிருப்பேன். இப்படி மூன்று வரிகள் கணக்கில் ஏறாமலே போய்விட்டன.

வாஷ்பேசினில் ஒரு நீண்ட விரிசல் இருந்தது. படத்தை எடுத்துக் காட்டுவதற்கு முன்பே அந்தப் பெண், "பித்தளைக் குடம் கைதவறி விழுந்துருச்சுக்கா, போன பொங்கலுக்கு விளக்கும்போது" என்று சொல்லிவிட்டார். குளியலறையில் ஸ்டாண்ட் மாட்டத் துளையிட்டதில் இரண்டு டைல்ஸ் வெடித்திருந்தன. ஹாலின் தெற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு குழந்தையின் கை எட்டும் உயரம் வரை, மெழுகுக் கிரேயானில் மூன்று ஆண்டுக் கலை வளர்ச்சி முழுவதும் பதிவாகியிருந்தது. பார்த்துச் சிரித்தேன், ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கணக்குத் தாளைத் தயாரித்தேன். நீளவாக்கில் பிடித்த வெள்ளைத் தாளில் ஆறு கட்டங்கள் போட்டேன்: எந்த இடம், வந்தபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, சரிசெய்ய மொத்தச் செலவு, அதில் அவர்கள் பங்கு, அந்தப் பங்கு எப்படி வந்தது. கடைசிக் கட்டம்தான் பழைய காலண்டர் தாளில் இல்லாதது. முழுச் செலவும் பங்கும் அருகருகே இருந்தால், வீட்டுக்காரி தன் பங்காக எவ்வளவு ஏற்றிருக்கிறாள் என்பது சொல்லாமலே தெரிந்துவிடும்.

பெயிண்டிங்கை எடுத்துக்கொள்வோம். மாடி முழுவதற்கும் பெயிண்டர் கூலியும் பொருளுமாக 18,000 ரூபாய் சொன்னார். அவர்கள் வரும்போது அடித்தது, மூன்று வருடம் ஆகிவிட்டது, சாதாரண எமல்ஷன். இந்தக் குடும்பம் சுவரைத் தொடாமலே வாழ்ந்திருந்தாலும் அடுத்த ஆள் வருவதற்கு முன் நான் அடித்தே ஆக வேண்டும். ஆகவே அந்த 18,000 என் செலவு. நான் பெயிண்டரிடம் கேட்ட கேள்வி வேறு: "இந்தக் கிரேயான் சுவர் மற்றச் சுவரைப் போல இருந்திருந்தால் எவ்வளவு குறைத்துச் சொல்லியிருப்பீர்கள்?" மெழுகின் மேல் நேராகப் பெயிண்ட் ஒட்டாது, நிறமும் மேலே கசிந்து வரும், அதனால் முதலில் சுரண்டித் தேய்த்துக் கழுவி, உலர்ந்த பின் ஒரு கோட் பிரைமர் அடிக்க வேண்டும், அந்த ஒரு சுவருக்கு மட்டும் 1,200 ரூபாய் கூடுதல் என்றார். அந்த 1,200 தான் தாளில் ஏறியது. எப்படியும் நான் செய்திருக்க வேண்டிய வேலை எவ்வளவு, அவர்களால் கூடிய வேலை எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால், பெயிண்டிங் தகராறில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. டி.வி. மாட்டிய துளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அடிப்பதற்கு முன் பட்டி பார்க்கும்போது அவை தாமாக மூடப்படும், பெயிண்டர் அதற்குத் தனியாகக் காசு கேட்கவும் இல்லை.

வாஷ்பேசினுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது, ஏனென்றால் அது உடையாமல் இருந்திருந்தால் நான் மாற்றியிருக்கவே மாட்டேன். ஆனால் புதிய பேசினுக்கான முழு விலையையும் வாங்குவதும் சரியில்லை. எட்டு வருடம் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வதாக அது ஆகிவிடும். 2016-இல் பொருத்திய பேசின் அது, வாங்கிய ரசீது மாமனாரின் கோப்பில் இருந்தது. நல்ல பேசின் ஒன்று பதினாறு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோமா என்று அவர்களிடமே கேட்டேன், சரி என்றார்கள். பாதி ஆயுள் போய்விட்டது, மீதி பாதி. புதிய பேசின் 2,400, பிளம்பர் கூலி 600, மொத்தம் 3,000, அவர்கள் பங்கு 1,500. ஆயுள் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்ட பிறகு சொன்னால் வசதிக்கு வைத்த எண் என்று தோன்றும். தொகையைச் சொல்வதற்கு முன்பே அதில் ஒத்துப்போய்விட வேண்டும்.

டைல்ஸ் வேறு வகை. கட்டடம் இருக்கும் வரை இருக்கும் பொருள் அது, தேய்மானம் என்று கழிக்க அதில் ஒன்றும் இல்லை. பழைய டைல்ஸ் இன்று கடையில் கிடைக்காது. நல்ல வேளையாகக் கட்டும்போது மிஞ்சியவற்றை மாமனார் பரணில் போட்டு வைத்திருந்தார், ஆகவே பொருளுக்குக் காசு இல்லை. பழையதைப் பெயர்த்து, இரண்டு டைல்ஸ் பதிக்கக் கொத்தனார் கூலியும் சிமெண்டுமாக 900 ரூபாய், முழுவதும் அவர்கள் பங்கு. இதற்குக் கொத்தனார் பில் தரமாட்டார் அல்லவா? அவர் கையால் ஒரு துண்டுச் சீட்டில் வேலையையும் தொகையையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பெயிண்டரிடமும் அப்படித்தான். "உங்களுக்குத் தெரிந்த ஆள் குறைவாகச் சொன்னால் அவரையே கூப்பிடலாம், எனக்கு வேலை சரியாக நடந்தால் போதும்" என்று இரண்டு சீட்டையும் அவர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் வேறு ஆளைத் தேடவில்லை. தேடலாம் என்று சொல்லப்பட்டதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தாளின் கீழ்ப்பாதியில் இன்னொரு பகுதி எழுதினேன். "பார்த்தவை, ஆனால் பிடிக்காதவை" என்று தலைப்பு. சமையலறையில் அடுப்புக்கு மேல் சுவர் மஞ்சளாகி எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. புகை வெளியேற ஃபேன் வைத்துத் தராத சமையலறையில் மூன்று வருடம் தாளித்தால் அப்படித்தான் ஆகும், ஆகவே பூஜ்யம். குளியலறைக் குழாய் இரண்டும் உப்பு ஏறி இறுகியிருந்தன. சட்டத்தின் அட்டவணைப்படி குழாய் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு, கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் போர் தண்ணீரின் கடுமை எனக்குத் தெரியும், கீழ்வீட்டில் நானே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குழாய் மாற்றுகிறேன், ஆகவே அதுவும் பூஜ்யம். கொசுவலை மேற்கு ஜன்னலில் பொடிந்து கிழிந்திருந்தது, அது வெயில் செய்த வேலை, பூஜ்யம். இப்படி ஆறு பூஜ்யங்கள். முதலில் இதை எழுதத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதாவிட்டால், நான் விட்டுக்கொடுத்தவை எனக்கு மட்டும் தெரிந்தவையாக இருக்கும், பிடித்தவை மட்டுமே அவர்கள் கண்ணில் படும். தாளை வாங்கிய அந்தத் தம்பி முதலில் வாசித்தது கீழ்ப்பாதியைத்தான்.

ஒரே ஒரு வரியில் அவர் மறுப்புச் சொன்னார். வாசல் பூட்டுக்கு இரண்டு சாவி கொடுத்திருந்தேன், ஒன்று தொலைந்துபோயிருந்தது. பாதுகாப்புக்காகப் பூட்டையே மாற்ற வேண்டும் என்று 650 ரூபாய் எழுதியிருந்தேன். "யார் காலி பண்ணாலும் அடுத்தவங்களுக்குப் பூட்டை மாத்தத்தானே செய்வீங்கக்கா?" என்றார். உண்மை. ஒவ்வொரு முறையும் மாடிப் பூட்டைக் கழற்றிப் பின்வீட்டுக்கும், பின்வீட்டுப் பூட்டை மாடிக்கும் மாற்றிப்போடுவதுதான் என் வழக்கம். பெயிண்டிங்கில் நான் கேட்ட அதே கேள்வியை அவர் பூட்டுக்குக் கேட்டுவிட்டார். அவர்களால் கூடிய செலவு, இன்னொரு சாவி வெட்டும் செலவு மட்டும்தான். 650-ஐ அடித்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே 120 என்று எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். மின்கட்டணம் சேர்க்காமல் 4,250 ஆக இருந்த மொத்தம் 3,720 ஆனது. அடித்தல் திருத்தல் உள்ள அந்தத் தாளை நான் புதிதாக எழுதவில்லை. பேசி ஒத்துக்கொண்ட கணக்கு என்பதற்கு அந்த அடித்தலைவிட நல்ல அடையாளம் வேறு கிடையாது.

மீதமிருக்கும் 500 ரூபாய் மின்கட்டணம். இதில் பலரும் தடுமாறுகிறார்கள். 2024-இல் நம் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்பட்டது, முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்தே உயர்ந்துவிடும். நடுவில் ஒருவர் காலி செய்து இன்னொருவர் குடிவந்தால், இருவர் உபயோகமும் ஒரே பில்லில் சேர்ந்து மேல்படிக்குப் போகும். பில் வந்த பிறகு அதைப் பங்கு போட்டால், போனவர் தான் செலவழிக்காத படிக்கும் காசு கொடுப்பார். நான் செய்தது இதுதான். சாவி வாங்கிய நாளில் இருவரும் மீட்டரைப் படம் எடுத்தோம். கடைசிக் கணக்கெடுப்புக்குப் பிறகு 48 நாளில் 260 யூனிட் ஓடியிருந்தது. அந்த 260 யூனிட் மட்டுமே ஒரு முழுப் பில்லாக வந்தால் எவ்வளவு என்று, இலவச யூனிட் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்து, கணக்கிட்டு 500 ரூபாய் என்று இருவரும் முழுமையாக்கிக்கொண்டோம். இலவச யூனிட்டைப் பிரிக்காததால் எனக்குச் சில ரூபாய் நட்டம் இருக்கலாம், ஆனால் பில் வரும் வரை பணத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

ஆக, சுவர் 1,200, பேசின் 1,500, டைல்ஸ் 900, சாவி 120, மின்சாரம் 500. தாளின் அடியில், "மேற்கண்டவற்றைப் பார்த்து, பேசி, ஏற்றுக்கொண்டோம், அட்வான்ஸ் 27,000-இல் மீதி 22,780 பெற்றுக்கொண்டோம், இருவருக்கும் வேறு பாக்கி இல்லை" என்று எழுதி நாங்கள் மூவரும் கையெழுத்திட்டோம். சாவி கைக்கு வந்த அரை மணி நேரத்தில் 22,780 ரூபாயை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். சட்டம் ஒரு மாதம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் வேறு ஊரில் புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சந்தேகத்தை வளர்க்கும். கணக்கு முன்பே முடிந்திருந்தால் காத்திருக்க வைக்கக் காரணமும் இல்லை. பணம் கொடுக்கும் நாளில் பேச எதுவும் மிச்சமில்லாமல் இருப்பதற்காகத்தான் மூன்று வாரத்துக்கு முன்பே நடந்து பார்த்தது.

இந்த முறை எல்லா இடத்திலும் பலித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சென்ற ஆண்டு பின்வீட்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் சரியாக ஒரு வருடத்தில் காலி செய்தார்கள். சுவர் முழுக்கச் சுவரொட்டிகளை ஒட்டிப் பிய்த்ததில் பெயிண்ட் உரிந்து வந்திருந்தது. இங்கே "எப்படியும் அடித்திருப்பேன்" என்று சொல்ல முடியாது, ஒரு வருடச் சுவரை நான் அப்படியே விட்டிருப்பேன். அந்த அறைக்கு 4,800 ரூபாய், பெயிண்ட் நான்கு வருடம் நிற்கும் என்று வைத்தால் மூன்று வருட ஆயுள் வீண், ஆகவே நான்கில் மூன்று பங்கு 3,600 என்று எழுதினேன். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிவந்த நாளில் மழை, மின்சாரம் இல்லை, அந்த அறையைப் படம் எடுக்காமல் விட்டிருந்தேன். "முந்தி இருந்தவங்க ஒட்டின தழும்பு பாதி அங்கேயே இருந்துச்சு" என்றார்கள். இருந்ததா இல்லையா என்று சத்தியமாக எனக்கே நினைவில்லை. பாதியாகக் குறைத்து 1,800 மட்டும் பிடித்தேன். வந்த நாள் படம் இல்லாத இடத்தில் எவ்வளவு நுணுக்கமாகப் பங்கு போட்டாலும் அது என் பேச்சு மட்டும்தான். அப்படி ஒரு நிலை வந்தால் முரண்டு பிடிக்காமல் இறங்கிவருவதே மேல்.

பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்ற பழைய வழக்கத்தை இன்னும் வைத்திருப்பவர்கள் என் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆறு வருடம் இருந்தவரிடமும் பத்து மாதம் இருந்தவரிடமும் அதே தொகையைப் பிடிக்கும்போது, ஆறு வருடம் இருந்தவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். 18,000 ரூபாய் பெயிண்டிங்கை நானே ஏற்றுக்கொண்டது தாராளம் என்று என் நாத்தனார் சொன்னார். அதை மாதா மாதம் வாடகைக்குள் வைத்துத்தான் 9,000 நிர்ணயித்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை இரண்டாம் வாரம் வேலை முடிந்தது. கிரேயான் சுவருக்கு ஒரு கோட் பிரைமர் அரை நாளில் முடிந்துவிட்டதால் பெயிண்டர் கூடுதலாக வாங்கியது 1,000 ரூபாய்தான். மதிப்பீட்டில் பிடித்தால் உண்மைச் செலவுக்குப் பிறகு கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்பதால், பெயிண்டரின் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, கூடவே 200 ரூபாயையும் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. பிரிக்காமல் கிடந்த பாத்திரப் பெட்டியின் அடியில் தொலைந்த வாசல் சாவி கிடைத்திருந்தது. கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். அதற்குள் நான் 120 ரூபாய் கொடுத்து இன்னொன்றை வெட்டிவிட்டேன், அந்தப் பூட்டும் பின்வீட்டுக் கதவுக்கு இடம் மாறிவிட்டது. அந்த வாரம் அங்கே புதிதாக ஒருவர் குடிவந்திருந்ததால், யோசித்துவிட்டு, அனுப்பத்தான் வேண்டும் என்று சொல்லிக் கூரியர் செலவு 60 ரூபாயையும் அவருக்கு அனுப்பினேன்.